துக்கத்தில் இருக்கும் சக ஊழியருக்கு ஒரு மின்னஞ்சல்

பெற்றோரில் ஒருவரை இழந்த சக ஊழியருக்கு எழுதும் இரங்கல் மின்னஞ்சலில் ஐந்தாறு வாக்கியங்களே இருக்கும். ஆனாலும் அலுவலகத்தில் எழுதப்படும் கடிதங்களில் மிகவும் தடுமாற வைப்பது அதுதான். அதிகம் எழுதினால் உரிமையில்லாத இடத்தில் நுழைந்தது போலாகும். குறைத்து எழுதினால் சுற்றறிக்கை போலாகும். இந்தத் தடுமாற்றத்துக்கு அளவுகோலாக ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம்: இந்த வாக்கியம் படிப்பவரிடம் எதையாவது கேட்கிறதா? பதில், விளக்கம், தைரியம், நன்றி என்று எதைக் கேட்டாலும் துக்கத்தில் இருப்பவருக்கு அது ஒரு வேலை. அலுவலக இரங்கலில் அடக்கம் என்பது உணர்ச்சியைக் குறைத்துக் காட்டுவது அல்ல. அந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே அடக்கம்.

தமிழ்நாட்டில் துக்கம் விசாரிப்பது நேரில் நடக்கும் காரியம். பக்கத்து ஊர் என்றால் அலுவலகத்திலிருந்து நாலு பேர் வேன் பிடித்து, மாலை வாங்கிக்கொண்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்துப் போய்விடுகிறார்கள். மதுரைப் பக்கம் கேதம் கேட்பது, நெல்லைப் பக்கம் துட்டி கேட்பது என்று பெயர் மாறினாலும் முறை ஒன்றுதான். நேரில் போக முடிந்தவர் போகாமல் மின்னஞ்சல் மட்டும் அனுப்பினால் அது இரங்கலாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மின்னஞ்சலுக்கு உண்மையான தேவை வேறு மூன்று சூழ்நிலைகளில் வருகிறது: வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருந்து வேலை செய்பவர் எழுதும்போது, அன்றாடம் பேசிப் பழகாத, ஆனால் வேலையில் தொடர்புள்ள ஒருவர் எழுதும்போது, விடுப்பையும் பொறுப்புகளையும் ஒழுங்குசெய்ய வேண்டிய மேலாளர் எழுதும்போது. மூன்றாவதுதான் கடினம். இரங்கலும் அதிகாரமும் அதில் ஒரே கையெழுத்தோடு போகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு சூழ்நிலையை வைத்துக்கொள்ளலாம். சென்னையில் ஒரு நிறுவனம். அதன் கணக்குப் பிரிவு. மார்ச் மாதம் மூன்றாவது வாரம். நிதியாண்டு 31ஆம் தேதி முடிகிறது. தணிக்கையாளர்கள் நிலுவைப் பட்டியல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் ஊழியரின் தந்தை மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இரவில் இறந்துவிடுகிறார். மகள் அதே இரவில் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். மறுநாள் காலை பிரிவின் மேலாளர் நல்ல மனதோடு உட்கார்ந்து இப்படி எழுதுகிறார்:

“காலை வணக்கம். உங்கள் தந்தையார் காலமான செய்தி அறிந்து அதிர்ச்சியும் ஆழ்ந்த வேதனையும் அடைந்தேன். என்ன நடந்தது? போன வாரம்கூட நன்றாக இருப்பதாகச் சொன்னீர்களே! வயதானவர், படுக்கையில் கிடந்து கஷ்டப்படாமல் போனார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். என் தாயார் இறந்தபோது நானும் ஒரு மாதம் தூங்கவில்லை. உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கு இனி நீங்கள்தான் தைரியம் சொல்ல வேண்டும். வேண்டிய அளவு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உதவி என்றாலும் தயங்காமல் கேளுங்கள். தணிக்கையாளர் கேட்ட பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.”

இதில் எந்த வாக்கியத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பெண்ணிடம் எதையோ கேட்கிறது. “என்ன நடந்தது?” என்பது, அன்று காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன கதையை இன்னொரு முறை, அதுவும் தட்டச்சில், சொல்லச் சொல்கிறது. மாரடைப்பு என்றால் சொல்லிவிடலாம். தற்கொலையோ, குடியோ, மருத்துவமனையில் நேர்ந்த தவறோ என்றால் மேலாளருக்கு எழுதும் பதிலில் அதை எப்படிச் சொல்வது? இறப்புக்கான காரணத்தை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். எழுத்தில் கேட்கக் கூடாது. “போன வாரம்கூட” என்ற தொடரில் அறியாமலே ஒரு சந்தேகம் தொனிக்கிறது. போன வாரமே ஊருக்குப் போயிருக்கலாமோ என்று ஏற்கெனவே தன்னைக் குடைந்துகொண்டிருக்கும் மகளுக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று எழுதியவருக்குத் தெரியாது.

“வயதானவர், கஷ்டப்படாமல் போனார்” என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. பேரன் பேத்தி எடுத்து நிறைவாக வாழ்ந்தவரின் மரணத்தைக் கல்யாணச் சாவு என்று சொல்லி, வேட்டும் வாத்தியமுமாக வழியனுப்புவதும் உண்டு. அதைச் சொல்லும் உரிமை குடும்பத்துக்கும் நெருங்கிய உறவுக்கும் உரியது. அவர்கள் இறந்தவரைச் சுமந்தவர்கள், பணிவிடை செய்தவர்கள். இறந்தவரைப் பார்த்தே இராத ஒருவர் அலுவலகத்திலிருந்து அதை எழுதும்போது, இது பெரிய இழப்பு இல்லை என்று கணக்கு முடித்தது போல ஆகிவிடுகிறது. எண்பது வயதுத் தகப்பனாக இருந்தாலும் மகளுக்கு அவர் ஒருவர்தான்.

சொந்தத் துக்கத்தைச் சேர்ப்பதும் பலர் செய்வது. நானும் இதைக் கடந்தவன் என்று சொல்லித் துணையாக நிற்பதே நோக்கம். ஆனால் படிப்பவர் அந்த இடத்தில் தன் துக்கத்தைக் கீழே வைத்துவிட்டு மேலாளரின் தாயாருக்காக இரங்க வேண்டியிருக்கிறது. “அம்மாவுக்கு நீங்கள்தான் தைரியம்” என்பது அவருக்கு ஒரு பொறுப்பைத் தருகிறது. அழவும் இடம் விடவில்லை. பின்னால், இருவரும் தனியாகப் பேசும் ஒரு நாளில், தன் தாயாரைப் பற்றி மேலாளர் சொன்னால் அது உண்மையிலேயே ஆறுதலாக இருக்கும். முதல் நாள் மின்னஞ்சல் அதற்கான இடமல்ல.

“எந்த உதவி என்றாலும் கேளுங்கள்” என்ற வரி எல்லா இரங்கல் கடிதங்களிலும் வருகிறது. அதை நம்பி யாரும் கேட்பதில்லை. என்ன தேவை என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று முடிவுசெய்து, மேலதிகாரியிடம் வாய்விட்டுக் கேட்கும் வேலை முழுவதும் துக்கத்தில் இருப்பவர் தலையில் விழுகிறது. “வேண்டிய அளவு விடுப்பு” அதைவிடச் சிக்கலானது. பெற்றோர் மறைவுக்கென்று தனி விடுப்பு தர வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. சில நிறுவனங்கள் தங்கள் விதிகளில் சில நாட்கள் ஒதுக்குகின்றன. மற்ற இடங்களில் தற்செயல் விடுப்பிலோ ஈட்டிய விடுப்பிலோதான் கழியும். ஆனால் காரியம் முடியப் பத்து நாளும் ஆகும், பதினாறு நாளும் ஆகும். அது குடும்பத்து வழக்கத்தைப் பொறுத்தது. மேலாளர் தாராளமாக எழுதிய வரியை நம்பிப் பதினெட்டு நாள் கழித்து வந்தவர், சம்பளப் பட்டியலில் ஊதியமில்லா விடுப்பைப் பார்த்தால் அந்த இரங்கல் முழுவதும் பொய்யாகிவிடும். எழுதுபவர் தன் அதிகாரத்தில் இருப்பதை மட்டுமே வாக்களிக்க வேண்டும். அதற்கு முன் மனிதவளப் பிரிவில் கேட்டுவிட்டு எழுத வேண்டும். அரை மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை.

கடைசி வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோப்பு எங்கே என்று கேட்டதும், மேலே எழுதியதெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னுரையாகிவிட்டது. கோப்பு உண்மையிலேயே தேவைப்படலாம். ஆண்டு முடிவில் அது பொய்த் தேவையும் அல்ல. அதற்கு வேறு வழி இருக்கிறது. பக்கத்து மேசைக்காரரிடம் முதலில் கேட்கலாம். கணினிப் பிரிவின் துணையோடு பொதுக் கோப்புறையில் தேடலாம். தணிக்கையாளரிடம் மூன்று நாள் அவகாசம் கேட்கலாம். காரணம் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும். எதுவும் நடக்காவிட்டால், இறுதிச் சடங்கு முடிந்து ஓரிரு நாள் போன பிறகு, அவருக்கு நெருக்கமான சக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் கேட்கட்டும். இரங்கல் மடலுக்குள் மட்டும் அது வரக் கூடாது.

அதே மேலாளர், இவற்றையெல்லாம் விசாரித்துவிட்டு, பிற்பகலில் இப்படி எழுதியிருக்கலாம்:

“உங்கள் அப்பா நேற்றிரவு காலமானார் என்று இன்று காலை அறிந்தேன். மிகவும் வருந்துகிறேன்.

அவரை நான் பார்த்ததில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர் என்றும், கூட்டலை இரண்டாம் முறை கீழிருந்து மேலே போட்டுப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். இன்று அதை நினைத்துக்கொண்டேன்.

இந்த மாதம் முடியும்வரை உங்கள் விடுப்பு பதிவாகிவிட்டது, சம்பளம் பிடிக்கப்படாது. காரியத்துக்கு மேலும் சில நாட்கள் தேவை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். படிவங்களை நீங்கள் வந்த பிறகு பார்ப்போம். தணிக்கை வேலையை நீங்கள் வரும்வரை நாங்கள் மூவரும் பார்த்துக்கொள்கிறோம்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உங்களுக்கும் அம்மாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் இரங்கல்.”

முதல் வரி செய்தியை நேராகச் சொல்கிறது. இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், மீளாத் துயில் கொண்டார் என்ற தொடர்களெல்லாம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு உரியவை. மேசைக்கு மேசை பேசிப் பழகியவர் திடீரென்று அந்த மொழியில் எழுதினால் தூரமாகிவிடுகிறார். தந்தையார் என்பதைவிட அப்பா என்பது நல்லது, அந்த ஊழியர் அலுவலகத்தில் அப்பா என்றுதான் சொல்லியிருப்பார் என்பதால். விளிப்பும் அப்படித்தான். தினமும் அக்கா என்று கூப்பிடுபவர் கடிதத்திலும் அக்கா என்றே தொடங்கலாம். மேடம் என்று கூப்பிடுபவர் மேடம் என்றே எழுதலாம். துக்கத்தை முன்னிட்டுப் புது உறவு கொண்டாடுவது எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒட்டாது. தினமும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்பவர்கள் இதையும் ஆங்கிலத்தில் எழுதுவதில் தவறில்லை. வழக்கமாகப் பேசும் மொழியே போதும்.

இரண்டாவது பத்திதான் இந்தக் கடிதத்தின் உயிர். அமெரிக்காவில் லியோனார்ட் சூனினும் ஹிலரி ஸ்டான்டன் சூனினும் இரங்கல் எழுதும் கலையைப் பற்றி 1991இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இரங்கல் கடிதத்துக்கு ஏழு கூறுகளை அதில் வகுத்தார்கள். இழப்பைக் குறிப்பிடுவது, வருத்தம் தெரிவிப்பது, இறந்தவரின் குணத்தைச் சொல்வது, அவரைப் பற்றிய ஒரு நினைவைச் சொல்வது, இருப்பவரின் பலத்தை நினைவூட்டுவது, உதவி சொல்வது, பொருத்தமாக முடிப்பது ஆகியவையே அவை. குடும்ப நண்பருக்கு இந்த வரிசை நன்றாகப் பொருந்தும். சக ஊழியருக்கு நடுவில் இருக்கும் இரண்டும் தடையாகின்றன, ஏனென்றால் இறந்தவரை அவருக்குத் தெரியாது. தெரியாதவரைப் பற்றி “சிறந்த மனிதர்”, “ஈடுசெய்ய முடியாத இழப்பு” என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அதனால்தான் “அவரை நான் பார்த்ததில்லை” என்பதை ஒப்புக்கொண்டு, மகள் வாயிலாகக் கேட்ட ஒரே ஒரு செய்தியைச் சொல்வது பலிக்கிறது. அப்பாவைப் பற்றித் தான் எப்போதோ சொன்னதை ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார் என்பதைவிட அலுவலகம் தரக்கூடிய பெரிய ஆறுதல் இல்லை.

இதற்கு ஒரு எல்லை உண்டு. அந்தச் செய்தி மதிய உணவின்போது எல்லோர் முன்னும் சொன்னதாக இருக்க வேண்டும். தனிமையில் நம்பிச் சொன்னதாக இருக்கக் கூடாது. அப்பாவின் நோயோ கடனோ அவரோடு இருந்த மனத்தாங்கலோ, எவ்வளவு அன்போடு நினைவுகூர்ந்தாலும் அலுவலக மின்னஞ்சலில் வரக் கூடாது. அந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் சேமிப்பில் இருக்கிறது. அப்படிச் சொல்ல எதுவும் இல்லையென்றால் அந்தப் பத்தியையே விட்டுவிடலாம். மூன்று வரியில் முடிந்த உண்மையான கடிதம் போதும்.

மூன்றாவது பத்தியில் ஒரு சொல்லைக் கவனித்தே எழுத வேண்டியிருக்கிறது. “உங்கள் வேலைக்கு ஆள் போட்டாகிவிட்டது, கவலை வேண்டாம்” என்று எழுதினால், ஊருக்குப் போன இரண்டாம் நாளே தன் நாற்காலி போய்விட்டதோ என்று தோன்றும். ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். “நீங்கள் வரும்வரை நாங்கள் மூவரும்” என்ற தொடரில் வேலைக்குப் பொறுப்பும் இருக்கிறது, திரும்பி வருவார் என்ற உறுதியும் இருக்கிறது. உதவி இங்கே வாக்குறுதியாக இல்லை. நடந்து முடிந்ததாக இருக்கிறது. அவர் கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

மதத்தைப் பற்றிய சொற்களில் இன்னும் நிதானம் வேண்டும். “ஆன்மா சாந்தியடையட்டும்” என்பது பலருக்கு இயல்பாக வருகிறது. ஆனால் பெரியார் வழி நடக்கும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் தங்கள் வீட்டுத் துக்கத்தில் சொல்லும் சொற்கள் வேறு. எழுதுபவரும் பெறுபவரும் ஒரே நம்பிக்கையினர் என்றால் அதன் சொல்லை எழுதலாம். தெரியாத இடத்தில் இரங்கல், வருத்தம், நினைவு ஆகிய மூன்று சொற்கள் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். காரியம் என்ற சொல்லும் இந்துக் குடும்பம் என்று தெரிந்தால் மட்டுமே வர வேண்டும்.

தொடக்கமும் முடிவும் பெரும்பாலும் இயந்திரம் போடுபவை. பிழைகள் அங்கேதான் கவனிக்கப்படாமல் போகின்றன. துக்க வீட்டில் வருபவரை வாங்க என்று வரவேற்பதில்லை. புறப்படுபவர் போய்ட்டு வரேன் என்று சொல்வதில்லை. அதே நாகரிகம் திரைக்கும் உண்டு. “காலை வணக்கம்”, “நலம்தானே”, “விரைவில் சந்திப்போம்” ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். தானாக ஒட்டிக்கொள்ளும் கையெழுத்துப் பகுதியில் “இந்த நாள் இனிய நாளாகட்டும்” என்ற வாசகமோ, நிறுவனத்தின் பண்டிகைத் தள்ளுபடிப் படமோ இருக்கலாம். அனுப்பும் முன் கீழே வரை உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். பழைய மின்னஞ்சலுக்கான பதிலாக எழுதினால், பொருள் வரியில் நிலுவைப் பட்டியல் என்றும் உள்ளே இரங்கல் என்றும் போகும். புதிதாகத் தொடங்கி, பொருள் வரியில் “உங்கள் அப்பாவின் மறைவு” என்று மட்டும் போடலாம். அவசரம் என்ற சிவப்புக் குறியும், படித்தாரா என்று அறியும் ஏற்பாடும் கூடவே கூடாது.

யாருக்கு நகல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரங்கல் மடல் ஒருவருக்கு மட்டுமே போக வேண்டும். பிரிவு முழுவதையும் நகலில் சேர்த்தால் அது எழுதுபவரின் நற்பண்புக்கு விளம்பரமாகத் தோன்றும்; அதோடு ஒவ்வொருவரும் எல்லோருக்கும் பதில் அனுப்பும் பொத்தானை அழுத்தி “இரங்கல்கள்”, “எனது இரங்கலும்” என்று அடுக்கத் தொடங்குவார்கள். துக்க வீட்டில் மேசைமேல் கிடக்கும் தொலைபேசி இரவெல்லாம் ஒலிக்கும். எல்லோருக்கும் செய்தி சொல்ல வேண்டும் என்றால் அது வேறு கடிதம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு மனிதவளப் பிரிவோ மேலாளரோ அதை அனுப்பலாம். யார் மறைந்தார், எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரங்கள் போதும். அந்தப் பட்டியலில் துக்கத்தில் இருப்பவரின் முகவரியைச் சேர்க்காமல் விட்டால் பதில்கள் அவரைச் சென்றடையாது.

“பதில் எழுத வேண்டாம்” என்று எழுதியும் சிலர் “நன்றி” என்று ஒரு சொல் அனுப்புவார்கள். அதற்கு மறுபதில் தேவையில்லை. பதிலே வராவிட்டாலும் கிடைத்ததா என்று கேட்கக் கூடாது. செய்தி மூன்று வாரம் கழித்துத் தெரியவந்தவர், தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வரும் கடிதம் நிதானமாகப் படிக்கப்படுகிறது. “இப்போதுதான் அறிந்தேன்” என்று ஒரு தொடர் போதும்; தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினால் அவர் இவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

அந்த ஊழியர் ஏப்ரல் முதல் வாரத்தில் அலுவலகத்துக்குத் திரும்பும்போது, இடைப்பட்ட நாட்களின் வேலை மின்னஞ்சல்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கும். அவற்றில் அவர் செய்தே ஆக வேண்டிய நான்கைந்தை மேலாளர் தனியே குறித்து, முதல் நாள் காலையில் அல்லாமல் மதியத்துக்கு மேல், ஒரே கடிதமாக அனுப்பலாம். அதில் இரங்கல் மீண்டும் வர வேண்டியதில்லை. தணிக்கைப் பட்டியல் எந்த நிலையில் இருக்கிறது, யார் எதை முடித்தார்கள், எது அவருக்காக மிச்சம் இருக்கிறது என்ற விவரங்கள் மட்டும் அதில் இருக்கட்டும்.